கணபதி ஹோமம்: தீ எப்போது எழும், கேமராவை எங்கே வைப்பது

புதுவீடு புகும் நாளில் விடிவதற்கு முன்பே கணபதி ஹோமம் தொடங்கிவிடும். வீடியோ எடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் நல்ல போன் வைத்திருக்கிற யாராவது ஒரு தம்பியிடமோ அக்கா மகளிடமோ போய்ச் சேரும். அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் தீ சின்னதாக எரியும்போது எட்டி நின்று எடுப்பார்கள். பூர்ணாஹுதி நேரத்தில், அதாவது தீ மிக உயரமாக எழும் நேரத்தில், நல்ல காட்சி வேண்டும் என்று கிட்டே போவார்கள். நடக்க வேண்டியதற்கு நேர் எதிரானது இது.

ஹோமத்தில் தீ தன்னிஷ்டத்துக்கு எரிவதில்லை. எந்தப் பொருள் எப்போது விழுகிறது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் தீ ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். அந்த வரிசை தெரிந்தால் சடங்கின் பொருளும் புரியும், எங்கே நிற்கலாம், எப்போது விலகலாம் என்பதும் புரியும். அதனால் முதலில் ஹோமத்தைப் பார்ப்போம், கேமராவுக்கு அப்புறம் வருவோம்.

தீக்கு முன்னால் நடப்பவை

ஹோமத்தின் அடிப்படை எண்ணம் எளிமையானது. தேவர்களுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்றால் அதை அக்னியிடம் கொடுக்க வேண்டும். அக்னிதான் தேவர்களின் வாய், அவர்தான் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். ரிக் வேதத்தின் முதல் பாடலே அக்னியை அழைத்துத்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு முறை பொருளைத் தீயில் இடும்போதும் ‘ஸ்வாஹா’ என்று சொல்கிறார்கள். ஸ்வாஹா என்பது அக்னியின் துணைவியின் பெயராகவும் புராணங்களில் வருகிறது. அதன் பின்னால் யஜமானர், அதாவது யாருக்காக ஹோமம் நடக்கிறதோ அவர், ‘இதம் ந மம’ என்று சொல்ல வேண்டும். ‘இது என்னுடையது அல்ல’ என்று அர்த்தம். பல வீடுகளில் ஹோமத்தை நடத்திவைக்கும் வாத்தியாரே அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். ஆனால் ஹோமத்தின் உயிர் அந்தச் சின்ன வாக்கியத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். நெய்யும் பழமும் தீயில் போவது வெளியே தெரிகிற காரியம். கொடுத்ததன் மேல் உரிமையை விடுவதுதான் உள்ளே நடக்கிற காரியம். வீடியோ எடுப்பவர் யஜமானரின் உதடு அசைவதை ஒரு முறையாவது பதிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வரிசை இப்படிப் போகும். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்துப் பூஜை. பிறகு சங்கல்பம்: இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார், இன்ன காரணத்துக்காகச் செய்கிறோம் என்று அறிவிப்பது. அடுத்து இடத்தைத் தூய்மைப்படுத்தும் புண்யாஹவாசனம், கலசத்தை நிறுவும் கலச ஸ்தாபனம். இந்த நேரத்தில் தீயே கிடையாது. கேமரா வைத்திருப்பவர் தாராளமாக நடமாடி, கலசத்தின் நூல் சுற்று, மாவிலை, தாம்பாளங்களில் வரிசையாக வைத்திருக்கும் பொருள்கள் எல்லாவற்றையும் கிட்டே போய் எடுக்க வேண்டிய நேரம் இதுதான். தீ மூட்டிய பிறகு இந்தச் சுதந்திரம் இருக்காது.

பிறகு குண்டம். கோயில் கும்பாபிஷேக யாகசாலைகளில் சதுரம், வட்டம், பிறைவடிவம், முக்கோணம், அறுகோணம், எண்கோணம், தாமரை என்று பல வடிவக் குண்டங்களைப் பார்த்திருப்பீர்கள். திசைக்கு ஒரு வடிவம் என்று ஆகமங்கள் வகுத்திருக்கின்றன. குண்டத்தைச் சுற்றி மூன்று படிகள் இருக்கும், அவற்றுக்கு மேகலை என்று பெயர். வீட்டில் பெரும்பாலும் சதுரம்தான். செங்கல் அடுக்கி மணல் பரப்பியோ, செம்பு அல்லது இரும்பில் செய்த குண்டத்தை வைத்தோ செய்வார்கள்.

தீயை வைப்பதற்கு முன் வாத்தியார் தர்ப்பையால் மணலில் கோடுகள் கீறுவார். நீர் தெளிப்பார். அதன்மேல் அக்னியைப் பிரதிஷ்டை செய்வார். நான்கு பக்கமும் தர்ப்பையைப் பரப்புவார். கிழக்கிலும் மேற்கிலும் பரப்பும் தர்ப்பையின் நுனி வடக்கே பார்க்கும், தெற்கிலும் வடக்கிலும் பரப்புவது கிழக்கே பார்க்கும். இதற்குப் பரிஸ்தரணம் என்று பெயர். வந்திருக்கும் விருந்தாளிக்கு ஆசனம் போடுவது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அடுத்து பரிஷேசனம்: தெற்கே, மேற்கே, வடக்கே ஒவ்வொரு கோடாக நீர் விட்டு, கடைசியில் சுற்றிலும் வலமாக ஒரு சுற்று விடுவார். அதிதி, அனுமதி, சரஸ்வதி, சவிதா ஆகிய நான்கு தேவதைகளிடமும் அனுமதி கேட்கும் மந்திரங்கள் இதில் வரும். ஹோமம் முடியும்போது இதே நீர்க்கோடு இன்னொரு முறை வரும், அப்போது ‘அனுமதி கொடுத்தீர்கள்’ என்று மந்திரத்தின் சொல் மாறும்.

இந்த நீர்க்கோட்டை வீடியோ எடுப்பவர் தனக்கும் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். குண்டத்துக்குத் தெற்கே, ஹோமத்தை மேற்பார்வை செய்யும் பிரம்மா என்ற ஸ்தானத்துக்கு ஆசனம் போட்டிருப்பார்கள், அதில் யாரும் உட்காராமல் தர்ப்பைக் கூர்ச்சம் மட்டும் இருக்கலாம். வடக்கே நீர் நிறைந்த ப்ரணீதா பாத்திரம் இருக்கும். யஜமானர் பெரும்பாலும் மேற்கே உட்கார்ந்து கிழக்கே பார்ப்பார். இவற்றுக்கும் தீக்கும் நடுவில் யாரும் குறுக்கே போகக் கூடாது. சாஸ்திரத்துக்காகச் சொன்னது என்றாலும், துணி தட்டிப் பாத்திரம் கவிழாமல், முந்தானை தீயில் படாமல் காப்பதும் இதே விதிதான்.

எது விழுந்தால் தீ என்ன செய்யும்

கணபதி ஹோமத்துக்கு அஷ்டத்ரவ்யம் என்று எட்டுப் பொருள்கள் சொல்வார்கள்: மோதகம், அவல், நெற்பொரி, சத்துமாவு, கரும்புத் துண்டு, தேங்காய், எள், வாழைப்பழம். இவற்றோடு நெய், சமித்து, அருகம்புல் சேரும். சமித்து என்பது உலர்ந்த சுள்ளி. அரசு, அத்தி, பலாசு போன்ற மரங்களிலிருந்து எடுப்பது. நவக்கிரக ஹோமமும் சேர்ந்து நடந்தால் கிரகத்துக்கு ஒன்றாக வரும்: சூரியனுக்கு எருக்கு, செவ்வாய்க்குக் கருங்காலி, புதனுக்கு நாயுருவி, குருவுக்கு அரசு, சுக்கிரனுக்கு அத்தி, சனிக்கு வன்னி.

ஆகுதி, அதாவது தீயில் கொடுக்கும் பொருளை, இடுகிற கையைக் கவனியுங்கள். கட்டைவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் சேர்ந்து பொருளைப் பிடிக்கும். ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் விலகி நிற்கும். மான் முகம் போலத் தெரிவதால் இதற்கு மிருகி முத்திரை என்று பெயர். நெய்யை மட்டும் மரத்தாலான ஸ்ருவம் என்ற கரண்டியால் விடுவார்கள். வீடியோவில் இந்தக் கை ஒரு முறை தெளிவாக வந்துவிட்டால் பாதி ஹோமத்தைக் காட்டிவிட்டது போல.

இனி தீயைப் பார்ப்போம். எரிவது நெய் அல்ல, நெய்யின் ஆவி. தழலாக இருக்கும் சமித்தின் மேல் ஒரு கரண்டி நெய் விழுந்தால், அது சட்டென்று ஆவியாகி, அந்த ஆவி பற்றிக்கொண்டு மேலே போகிறது. அதனால்தான் நெய் விட்ட ஒரு நொடி கழித்துத் தீ எழுகிறது, விட்ட கணத்தில் இல்லை. ‘ஸ்வாஹா’ சத்தம், கரண்டி சாய்வது, ஒரு மூச்சு இடைவெளி, பிறகு தீ. இந்தத் தாளம் பிடிபட்டுவிட்டால் எப்போது பதிவைத் தொடங்க வேண்டும் என்று தேட வேண்டியதே இல்லை.

வாழைப்பழமும் மோதகமும் ஈரமானவை. விழுந்ததும் தீ அமுங்கும், சீறும் சத்தம் வரும், வெள்ளைப் புகை எழும். அடுத்ததாக வாத்தியார் கட்டாயம் நெய் விடுவார். புகைகிற தீயில் ஆகுதி இடக் கூடாது, சுடர்விட்டு எரியும் தீயில்தான் இட வேண்டும் என்பது மரபு. ஆக, பெரும்புகை வந்தால் ‘அடுத்து பெருந்தீ வரப் போகிறது’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேங்கியிருக்கும் புகையும் எரியக்கூடிய ஆவிதான். நெய் பற்றும்போது அதுவும் சேர்ந்து பற்றும், அதனால் தீ வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தாவும். புகை வந்ததும் ‘இப்போதைக்கு ஒன்றும் தெரியாது’ என்று கிட்டே குனிகிறவர்களுக்குத்தான் புருவம் பொசுங்குகிறது.

நெற்பொரி வேறு விதம். எடை குறைவு என்பதால் எரிந்துகொண்டே சூடான காற்றோடு மேலே ஏறி, கொஞ்சம் தள்ளிப் போய் விழும். எள் படபடவென்று வெடித்துத் தெறிக்கும். நெய்யில் தோய்த்த அருகம்புல் ஈரத்தால் பொரியும். இவை மூன்றும் பெருந்தீ கிளப்பாது, ஆனால் பொறியைத் தூரத்துக்கு அனுப்பும். பட்டுப்பாயும் பிளாஸ்டிக் தோரணமும் அங்கே இங்கே கருகுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

நெய்யில் தண்ணீர் கலந்திருந்தாலும் தெரிந்துவிடும். சுத்தமாகக் காய்ச்சாத நெய் தீயில் விழுந்ததும் படீரென்று தெறிக்கும். முதல் இரண்டு மூன்று ஆகுதிகளில் இந்தத் தெறிப்பைக் கண்டால், கேமராவை ஆரம்பத்திலேயே இன்னும் ஓரடி பின்னால் தள்ளிவிடுங்கள், கடைசி வரை அது தெறித்துக்கொண்டேதான் இருக்கும்.

கடைசியில் பூர்ணாஹுதி. கொப்பரையில் துளையிட்டு நெய் நிறைத்து, சிவப்புப் பட்டில் பொதிந்து, வெற்றிலை பாக்கு, பூ, வாசனைப் பொருள்கள் வைத்து எல்லோரும் தொட்டுக்கொடுத்துத் தீயில் வைப்பார்கள். அதன்மேல் நீளமான கரண்டியால் இடைவிடாமல் நெய்யைத் தாரையாக விடுவார்கள், இதற்கு வசோர்தாரை என்று பெயர். மீதியில்லாமல் முழுவதையும் கொடுத்துவிடுவதன் அடையாளம் அது. தீயைப் பொறுத்தவரை, அதுவரை கரண்டி கரண்டியாகப் போன நெய் இப்போது நிற்காமல் போகிறது. பட்டும் கொப்பரையின் எண்ணெயும் சேர்ந்து எரிகின்றன. ஓரடிக் குண்டத்தில்கூடத் தீ உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே போய்விடும். இங்கே கொப்பரை வைப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. தண்ணீர் உள்ள முழுத் தேங்காயைத் துளையிடாமல் தழலில் வைத்தால் உள்ளே நீராவி அடைபட்டு ஓடு வெடிக்கலாம். யாராவது அவசரத்துக்கு முழுத் தேங்காயை நீட்டினால், அதன் கண்ணைத் துளைத்து நீரை வடித்துவிட்டீர்களா என்று கேட்டுக்கொள்வதில் தப்பே இல்லை.

ஒரு கூடம், ஒரு குண்டம், ஒரு போன்

இதையெல்லாம் ஒரு வீட்டில் பொருத்திப் பார்க்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பு, 12க்கு 16 அடி கூடம், பத்தடி உயரக் கூரை, ஓரடிச் செம்புக் குண்டம், அதிகாலை ஐந்து மணி என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மேலே பார்க்க வேண்டும், ஏனென்றால் தீயின் சூடு பக்கவாட்டில் போவதைவிட மேலே போவதுதான் மிக அதிகம். ஓரடிக் குண்டத்துக்கு நான்கடி தள்ளிப் பக்கத்தில் சௌகரியமாக உட்காரலாம். அதே நான்கடி உயரத்தில் குண்டத்துக்கு நேர் மேலே கையை வைக்கவே முடியாது. அதனால் மின்விசிறிக்கு நேர் கீழே குண்டம் வேண்டாம். பொய்க்கூரை, தொங்கும் பூச்சரம், காகிதத் தோரணம் எதுவும் அதற்கு நேர் மேலே இருக்கக் கூடாது. கூரையில் சின்னச் சிவப்புக் கண்ணாடிக் குமிழோடு நீர்தெளிப்பான் இருந்தால் அது இன்னும் முக்கியம். அந்தச் சிவப்புக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் உடைந்து தண்ணீரைக் கொட்டும்படி செய்தது. பூர்ணாஹுதி சூடு அந்த அளவைத் தொட அதிக நேரம் ஆகாது. கட்டடப் பராமரிப்பு அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி, குண்டத்தைத் தெளிப்பானிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். புகை உணர்கருவி இருந்தாலும் அவர்களிடம்தான் பேச வேண்டும், நாமே பிளாஸ்டிக் உறை மாட்டி மூடக் கூடாது.

இதே காரணத்தால் குண்டத்துக்கு மேலே செல்பி குச்சியில் போனை நீட்டி ‘மேலிருந்து ஒரு ஷாட்’ எடுப்பது வேண்டவே வேண்டாம். கோலம், குண்டம், நான்கு பக்கத் தர்ப்பை எல்லாம் மேலிருந்து அழகாகத் தெரியும், உண்மைதான். அதைத் தீ மூட்டுவதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கீழே. குண்டத்தை நேரடியாக டைல்ஸ் மேல் வைத்தால் சூட்டில் டைல்ஸ் விரிசல் விடும், சில சமயம் டப்பென்று பெயர்ந்து எழும். செங்கல் ஒரு வரிசை, அதன்மேல் மணல், அதன்மேல் குண்டம். சுற்றிலும் மூன்றடிக்கு எரியக்கூடிய எதுவும் வேண்டாம். நெய் டப்பா, கற்பூரம், சமித்துக் கட்டு மூன்றும் வாத்தியாருக்குக் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் பொறி விழாத பக்கத்தில். மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதுவும் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. கைசுத்தி திரவமும் அப்படித்தான். அதில் இருக்கும் ஆல்கஹால் எரிவது வெளிச்சமான இடத்தில் கண்ணுக்கே தெரியாது. கை காயாமல் ஆகுதி இட வந்தால் ஆபத்து.

காற்று. மின்விசிறி, ஏசி இரண்டும் நிறுத்த வேண்டும். எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள் கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புகையோடு கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் தங்கும். தலைவலியும் கிறுகிறுப்பும் வந்தால் புகையைத் தாங்கிக்கொள்ளும் பக்தியைக் காட்ட வேண்டாம், எல்லோரும் கொஞ்ச நேரம் வெளியே போய் வரலாம். புகையில்லாமல், வலப்பக்கமாகச் சுழன்று எழும் சுடர் நல்ல நிமித்தம் என்பார்கள். வீடியோ எடுப்பவர் சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் நின்றுகொள்ள வேண்டும். சாய்கிற பக்கம்தான் புகையும் பொறியும் போகும்.

யஜமானர் மேற்கே உட்கார்ந்து கிழக்கே பார்க்கிறார் என்றால், தென்கிழக்கு அல்லது வடகிழக்கு மூலையிலிருந்து பார்த்தால் தீயும் அவர் முகமும் ஒரே சட்டத்தில் வரும். வடகிழக்கில் கலசம் இருந்தால் தென்கிழக்கு. எங்கே நிற்கலாம் என்று தொடங்குவதற்கு முன் வாத்தியாரிடமே கேட்டுவிடுங்கள்: “மாமா, நான் இந்த மூலையில நிக்கட்டுமா? பூர்ணாஹுதிக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்றீங்களா?” பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தை உங்களுக்குப் பின்வாங்க நேரம் கொடுக்கும்.

தூரம்: ஓரடிக் குண்டத்துக்குச் சாதாரண ஆகுதிகளின்போது ஆறடி, பூர்ணாஹுதிக்கு எட்டடிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். அளக்க நேரமில்லை என்றால் புறங்கையைப் போனுக்குப் பக்கத்தில் தீயைப் பார்த்தபடி நீட்டுங்கள். பத்து எண்ணுவதற்குள் இழுத்துக்கொள்ளத் தோன்றினால் அந்த இடம் போனுக்கும் ஆகாது. பல போன்கள் 35 டிகிரி வரையிலான சூழலில் இயங்கத்தான் செய்யப்பட்டவை. முதலில் திரை தானாக மங்கும், பிறகு பதிவு நின்று எச்சரிக்கை வரும். மங்கத் தொடங்கியதுமே பின்னால் நகர்ந்து, உறையைக் கழற்றி ஆறவிட வேண்டும். சார்ஜரில் போட்டபடி எடுக்க வேண்டாம், சூடு இன்னும் கூடும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் கூடாது, உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். கிட்டக் காட்சி வேண்டுமென்றால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போனிலேயே இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தனிக் கேமரா என்றால் 85 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ.

கேமரா முக்காலியை வைக்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டி அடையாளம் செய்துவிடுங்கள். பூர்ணாஹுதிக்கு வீடே எழுந்து வந்து குண்டத்தைச் சூழும். அந்த நெரிசலில் முக்காலி தீப்பக்கம் சாய்ந்துவிடக் கூடாது, அதனால் ஒரு கால் தீயை நோக்கி இருக்கட்டும், நடுவில் மணல் பையைத் தொங்கவிடுங்கள். ஒயர் எதுவும் நடக்கிற வழியில் வேண்டாம். மைக்கை வாத்தியார் மேல் மாட்ட முயல வேண்டாம், சூட்டில் அவருக்குத் தொந்தரவு. சின்ன ஒலிப்பதிவுக் கருவியை அவருக்குப் பின்னால், தீயிலிருந்து அவர் உடம்பு மறைக்கிற பக்கத்தில் தரையில் வைத்தாலே மந்திரம் தெளிவாக விழும். எடுப்பவர் பருத்தி உடை போட்டுக்கொள்வது நல்லது. பாலியஸ்டர், நைலான் எல்லாம் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தலைமுடியையும் துப்பட்டாவையும் கட்டிவிடுங்கள்.

தீயை வெள்ளைத் திட்டாக்காமல்

போனைத் தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு ஸ்வாஹாவுக்கும் படம் இருட்டி வெளுக்கும். தீ எழுந்தால் முகங்கள் கறுக்கும், அமுங்கினால் சுவர் பளீரென்று தெரியும். இதைத் தவிர்க்க ஆகுதி இடுகிற கையின்மேல் திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். சுடரின் நடுவில் மஞ்சள் நிறம் தெரிய வேண்டும், விளிம்பில் ஆரஞ்சு தெரிய வேண்டும். நடு முழுக்க வெள்ளைத் திட்டாக இருந்தால் இன்னும் இழுக்க வேண்டும். குவியத்தைத் தீயின்மேல் வைத்தால் கேமரா தவித்துக்கொண்டே இருக்கும். குண்டத்தின் விளிம்பு அல்லது கை, இரண்டில் ஒன்று.

நிறத்துக்கு, கைமுறை அமைப்பு இருந்தால் வெண்சமநிலையை, அதாவது ஒயிட் பேலன்ஸை, 3200 கெல்வின் சுற்றில் நிறுத்துங்கள். தீ பொன்னிறமாக வரும். தானியங்கியில் விட்டால் தீயின் நிறத்தை அது ‘சரிசெய்து’ சோகையாக்கிவிடும். கூடத்தின் வெள்ளை எல்இடி விளக்குகள் இந்த அமைப்பில் நீலமாகத் தெரியும் என்பதால் அவற்றைக் குறைத்து, மஞ்சள் விளக்கு ஒன்றைத் தூரத்தில் எரியவிடலாம். முழு இருட்டாக்கக் கூடாது, காலடி தெரிய வேண்டும். விடியற்காலை ஹோமத்தில் இன்னொன்றும் நடக்கும்: ஐந்து மணிக்குக் கறுப்பாக இருந்த ஜன்னல் ஆறரைக்குள் நீலமாகி, வெள்ளையாகிவிடும். ஜன்னல் சட்டத்துக்குள் வராதபடி முதலிலேயே கோணம் வைத்தால் முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் ஒரே ஹோமம் போலத் தெரியும்.

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 சட்டம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் விளக்குகள் மினுக்காது. தீயின் நாக்குகளும் மென்மையாக வரும். நாக்குகள் தனித்தனியாகக் கூர்மையாக வேண்டுமென்றால் சில காட்சிகளுக்கு மட்டும் ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். முண்டக உபநிஷத்து அக்னிக்குக் காளீ, கராளீ என்று தொடங்கி ஏழு நாக்குகளுக்குப் பெயர் சொல்கிறது. கூர்மையான ஒரு சட்டத்தில் தீ எத்தனை விதமாகப் பிரிகிறது என்று பார்க்கும்போது அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

நெய்ப்புகை லென்ஸில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தீயைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் வர ஆரம்பித்தால் அதுதான் காரணம். பூர்ணாஹுதிக்கு முன் மென்துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

தீ மீறினால், தீ அடங்கினால்

நெய்த்தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதை வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஏனென்றால் பதற்றத்தில் கை தானாகத் தண்ணீர்க் குடத்துக்குத்தான் போகும், அங்கே கலசமும் சொம்புகளும் நிறையவே இருக்கும். சூடான நெய்க்கு அடியில் போகும் தண்ணீர் நீராவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். எரியும் நெய்யை அது நான்கு பக்கமும் வீசும். ஒரு வாளி உலர்ந்த மணல், குண்டத்தை முழுவதும் மூடக்கூடிய அளவு ஒரு இரும்புத் தட்டு, இரண்டும் கேமரா இருக்கும் பக்கமே இருக்கட்டும். தீயணைப்பான் இருந்தால் அதன் ஊசியை எப்படி இழுப்பது என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். யாராவது உடையில் தீப்பிடித்தால் ஓடவிடாமல் கீழே படுக்கவைத்து உருட்ட வேண்டும் அல்லது கனமான பருத்திப் போர்வையால் மூட வேண்டும். தீப்புண்ணில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் விட வேண்டும், நெய்யோ மாவோ தடவக் கூடாது. தீ குண்டத்தைத் தாண்டிப் பரவினால் எல்லோரும் வெளியே, பிறகு 101 அல்லது 112. கேமரா அங்கேயே இருக்கட்டும்.

நல்லபடியாக முடிந்தால், வாத்தியார் குண்டத்தின் கரியை நெய்யில் குழைத்து ரட்சையாக நெற்றியில் இடுவார். பக்கத்தில் போய் எடுக்கலாம் என்று தோன்றும் நேரம் இது. சுடர் இல்லை என்றாலும் குண்டமும் செங்கலும் கொதித்துக்கொண்டிருக்கும், முழங்காலிட்டு எடுக்கிறவர்கள் விளிம்பில் கை ஊன்றிவிடுவது வழக்கம். குழந்தைகள் முதலில் ரட்சைக்கு வருவார்கள், அவர்களைக் குண்டத்திடம் வரவிடாமல் வாத்தியாரை நான்கடி தள்ளி நின்று இடச்சொல்லுங்கள். உங்களுக்கும் அது நல்லது, பின்னால் தழல் சிவப்பாகத் தெரிய, முகத்தை வெளிச்சமான இடத்தில் எடுக்கலாம்.

சாம்பலுக்கு அடியில் கங்கு பல மணிநேரம் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் பையிலோ குப்பைக் கூடையிலோ அன்றே கொட்டினால் வீட்டுக்குள் மறுபடி தீ தொடங்கும். இரும்புத் தட்டால் மூடி ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, மறுநாள் கரண்டியால் அடிவரை கிளறிப் பாருங்கள். சிவப்பும் சூடும் இல்லை என்றால் செடியின் வேரிலோ ஓடும் நீரிலோ சேர்த்துவிடலாம்.